பாப்ளினா, கூடையா, மீன்முள்ளா?

அலுவலகச் சட்டைத் துணி பற்றி எதையும் கேட்கலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வெள்ளை பாப்ளின், சுருக்கம், இஸ்திரி. இருபது ஆண்டுகளாகக் கத்திரிக்கோலும் அளவு நாடாவுமாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிள்ளானிலிருந்து தினமும் கேஎல் சென்ட்ரலுக்கு கொமுட்டரில் வருகிறேன். காலையில் கத்தி மாதிரி இஸ்திரி போட்ட பாப்ளின் சட்டை, இறங்கும்போது முதுகெல்லாம் கசங்கிக் கிடக்கிறது. துணி மட்டமா, நான் உட்காரும் விதம் மட்டமா?
(கிள்ளான் வாசகர்)

இரண்டும் இல்லை. வீட்டில் ஒரு முறை இஸ்திரி போட்டீர்கள், ரயில் இருக்கை இன்னொரு முறை போட்டது.

இஸ்திரி என்ன செய்கிறது? சூடு, ஈரம், அழுத்தம் மூன்றையும் சேர்த்துத் துணிக்குக் கொடுக்கிறது. பருத்தி இழைக்குள் செல்லுலோஸ் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் பட்டால் அந்தப் பிடி தளரும். காயும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். தட்டையாக இருந்தால் தட்டையாக, மடிந்திருந்தால் மடிப்போடு. ஸ்டேஷன் வரை நடந்ததில் முதுகு வியர்த்திருக்கும். அது ஈரம். உடம்பின் வெப்பம் சூடு. சாய்ந்து உட்கார்ந்தது அழுத்தம். பெட்டியின் குளிர்காற்று அதை அப்படியே காயவைத்துவிடுகிறது. இஸ்திரிப் பெட்டிக்குக் குறைந்த வேலையா இது?

பாப்ளினில் இது அதிகம் தெரிவதற்குக் காரணம் நெசவு. பாப்ளின் சாதா நெசவுதான். ஊடை நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே போனால் அடுத்ததற்குக் கீழே போகும். அதிலும் பாவு நூல்கள் மெல்லியவை, ஊடையைவிட மிக நெருக்கமாக வைக்கப்பட்டவை. அதனால்தான் துணி வழவழவென்று, குறுக்கே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய வரியோடு இருக்கிறது. ஆனால் எல்லா நூலும் எல்லாப் பக்கமும் பிடிபட்டிருக்கிறது. மடியும்போது நகர்ந்து கொடுக்க இடமில்லாததால் நூலே மடங்கி முறிகிறது. காகிதம் மடிந்த மாதிரி கோடு விழுகிறது.

இன்னும் பாப்ளின்தான் வேண்டும் என்றால், முதுகு காயும்வரை கொமுட்டரில் நின்றுகொண்டு வாருங்கள். இதை மனதாரச் சொல்கிறேன். பத்து நிமிடம் நின்றாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கூடை நெசவு, மீன்முள் நெசவு என்று கடையில் சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எளிதாகச் சொல்வீர்களா?
(பெட்டாலிங் ஜெயா வாசகி)

ஹரி ராயாவுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் கெதுப்பாட்டைச் சமைப்பதற்கு முன் பார்த்திருப்பீர்கள். ஓலை ஒன்று மேலே, ஒன்று கீழே. அதுதான் சாதா நெசவு, பாப்ளினின் எலும்புக்கூடு.

அதே ஓலையை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து, இரண்டுக்கு மேல், இரண்டுக்குக் கீழ் என்று பின்னினால் கூடை நெசவு. துணியில் சின்னச் சின்னச் சதுரமாகத் தெரியும். ஆக்ஸ்ஃபர்ட் துணி இதற்குப் பங்காளி. அதில் இரண்டு மெல்லிய பாவு நூல்கள் சேர்ந்து ஒன்றாக ஓட, குறுக்கே ஒரு தடித்த ஊடை வரும்.

மீன்முள் நெசவிலும் நூல் இரண்டுக்கு மேல், இரண்டுக்குக் கீழ்தான் போகும். ஆனால் ஒவ்வொரு வரிசையும் ஒரு நூல் தள்ளித் தொடங்கும். படிக்கட்டு போல ஒரு சாய்வரி கிளம்பும். இதுவரைக்கும் ட்வில். சில நூல்கள் ஓடியதும் சாய்வைத் திருப்பினால் எதிர்ப்பக்கச் சாய்வரி வரும். இரண்டும் சேர்ந்தால் மீனைத் தின்று முடித்த தட்டில் மிஞ்சுகிற நடுமுள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஓர் ஊடை நூல் எட்டுப் பாவு நூல்களைக் கடக்கிறது என்று வையுங்கள். சாதா நெசவில் அது எட்டு முறை மேலும் கீழுமாகப் பக்கம் மாறும். கூடையில் நான்கு முறைதான், மீன்முள்ளிலும் நான்கு முறைதான். கணக்கு ஒன்றாக இருந்தும் துணி ஏன் வேறாக இருக்கிறது? கூடையில் பக்கத்துப் பக்கத்து நூல்கள் இரண்டும் ஒரே இடத்தில் திரும்புகின்றன. சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருவதால், தள்ளினால் சேர்ந்தே நகரும். மீன்முள்ளில் ஒன்று திரும்பிய பிறகுதான் அடுத்தது திரும்பும். அதனால் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும். கூடை தளர்ந்த துணி. மீன்முள் தளர்ந்தும் இருக்கும், ஒழுங்காகவும் இருக்கும். இந்தப் பத்தியில் மற்ற எல்லா பதிலும் இதிலிருந்துதான் வரப்போகிறது.

அப்படியானால் சுருக்கமே விழாத துணி எது?
(ஷா ஆலாம் வாசகர்)

பருத்தியில் அப்படி ஒன்று கிடையாது. யாராவது இருக்கிறது என்றால் அதில் பாலியஸ்டர் கலந்திருக்கும், அல்லது ரசாயனம் ஏறியிருக்கும்.

சுருக்கம் விழும் விதம்தான் வேறு. பாப்ளினில் கூர்மையான கோடு. மீன்முள்ளில் வளைந்த, மெல்லிய அலை, தொங்கவிட்டால் பாதி தானாக இறங்கிவிடும். கூடையிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் நூல் தடிப்பு. மடிப்பு சிறிதாக விழாது, பெரிதாக உப்பிக்கொண்டு நிற்கும். இன்னொன்று, மேடு பள்ளமான பரப்பில் சுருக்கம் கண்ணில் படுவதே குறைவு. புதுச் சுவரில் கீறல் தெரிகிற மாதிரி செங்கல் சுவரில் தெரியுமா?

கடையிலேயே சோதிக்கலாம். துணியின் ஒரு மூலையை உள்ளங்கைக்குள் இறுகக் கசக்கிப் பிடியுங்கள். நிதானமாக முப்பது எண்ணுங்கள். விட்டுவிட்டு இன்னொரு முப்பது எண்ணிய பிறகு பாருங்கள். மூன்று துணியையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து பார்த்தால் நான் எழுதியது எதுவும் தேவைப்படாது. கடைக்காரர் முறைத்தால் சிரித்துவிட்டு, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். துணி தெரிந்த கடைக்காரர் தடுக்க மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் என்றாலே செங்கல் காளவாய் இருந்த இடம். செங்கல் பாவுவதிலும் மீன்முள், கூடை என்று வரிசை உண்டு என்கிறார் என் கொத்தனார் மாமா. அதுவும் இதுவும் ஒன்றா?
(பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பெயர் ஒன்று, வேலை வேறு. 1881-ல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் தாக்கிய பிறகு அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் போதாது என்று ஊர் செங்கல்லுக்கு மாறியது. அந்தச் செங்கல் வெந்த இடம் உங்கள் பிரிக்பீல்ட்ஸ்.

கார் ஏறும் முற்றத்துக்கு உங்கள் மாமா மீன்முள் வரிசைதான் போடுவார். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பூட்டிக்கொள்வதால் சக்கரம் தள்ளினாலும் நகராது. கூடை வரிசை நடைபாதைக்குப் போதும். துணியிலும் ஓரளவு அதே கதைதான், மீன்முள் கூடையைவிடக் கட்டுக்கோப்பு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. முற்றத்துக்குக் கல் நகரவே கூடாது. சட்டைக்கு நூல் கொஞ்சம் நகர்ந்தால்தான் நல்லது.

எது நீண்ட நாள் உழைக்கும்? மூன்றையும் ஒரே காசுக்குக் கேட்டால் எதை வாங்குவீர்கள்?
(சுபாங் வாசகர்)

உழைப்பு என்பதைக் கிழிதல், தேய்தல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

கிழிதலில் பாப்ளின்தான் பின்தங்கும். ஆணியில் மாட்டிக் கிழியும்போது பாப்ளினின் நூல்கள் நகர முடியாமல் ஒவ்வொன்றாக வரிசையில் நின்று அறுபடும். கூடையிலும் மீன்முள்ளிலும் நூல்கள் சறுக்கி ஒன்றாகத் திரண்டுகொண்டு, கூட்டமாகச் சேர்ந்து கிழிசலை எதிர்க்கும். ஒற்றைக் குச்சிக்கும் விறகுக் கட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

தேய்தலில் கதை வேறு. பரப்பில் நீளமாக மிதக்கும் நூல் எதில் இருக்கிறதோ அது உராய்வுக்கு முகம் கொடுக்கும். கூடை நெசவுச் சட்டை போட்டு முதுகுப்பையைத் தினமும் மாட்டுகிறவர் ஆறு மாதத்தில் தோள்பட்டையைத் தடவிப் பார்க்கட்டும். சின்னச் சின்ன நூல் உருண்டைகள் கையில் தட்டுப்படும். முறுக்குக் குறைந்த, மென்மையான ஊடை நூல் போட்ட மலிவு ஆக்ஸ்ஃபர்டில் இது இன்னும் சீக்கிரம் வரும். வளையலோ கைக்கடிகாரப் பட்டையோ மாட்டி நூல் இழுபடுவதும் கூடையில்தான். நீல ஆக்ஸ்ஃபர்டில் பெரும்பாலும் பாவு நீலம், ஊடை வெள்ளை. காலர் விளிம்பில் நீல நூல் தேயத் தேய வெள்ளை எட்டிப் பார்க்கும். பாப்ளினில் உருண்டை அவ்வளவு வராது. பதிலுக்குக் காலர் மடிப்பில் நூல் மெலிந்து, ஒரு நாள் துவைத்துக் காயப்போடும்போது கீறலாகத் திறந்து நிற்கும்.

ஆனால் நெசவைவிட நூலுக்குத்தான் நான் முதலில் காசு கொடுப்பேன். இரண்டு நூலை முறுக்கி ஒன்றாக்கிய இரட்டை நூலா, ஒற்றை நூலா என்று கேளுங்கள். நூல் நம்பர் ஏற ஏற நூல் மெலியும், துணி பட்டு மாதிரி ஆகும், ஆயுளும் குறையும். தினசரி அலுவலகத்துக்கு 80 நம்பர் இரட்டை நூலில் நெய்த மீன்முள் என்றால் யோசிக்காமல் வாங்குவேன். 140 நம்பர் பாப்ளின் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். மீன்முள் துணிக்கும் ஆக்ஸ்ஃபர்டுக்கும் தனிக் கவனம் வேண்டுமா அண்ணே?
(தையற்காரத் தம்பி)

வேண்டும் தம்பி. உனக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கூடையிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் பயம் தையலில்தான். துணி கிழியாது, தையல் பக்கத்து நூல் சறுக்கி வெளியே வரும். வெட்டுவதற்கு முன் இரண்டு கட்டைவிரலையும் துணி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதிரெதிராகத் தள்ளிப் பார். நூல் விலகி ஜன்னல் திறந்தால், அந்தத் துணிக்கு உடம்பை ஒட்டிய அளவு வெட்டாதே. முதுகிலும் கைக்குழியிலும் கூடுதல் இடம் விடு, தையல் ஓரத்தை அகலமாக வைத்து மடித்து இரட்டைத் தையல் போடு. ஒரு முறை இதைக் கவனிக்காமல் வாடிக்கையாளர் ஒருவருக்கு இறுக்கமாக வெட்டிவிட்டேன். அவர் குனிந்து கார்க் கதவைத் திறந்ததும் கைக்குழி ஏணி மாதிரி பிரிந்தது. துணியும் போச்சு, கூலியும் போச்சு.

மீன்முள்ளில் தையலோரம் நூல் சறுக்காது, கண் சறுக்கும். பட்டன் பட்டியின் இரண்டு பக்கமும் ஒரே பட்டையில் தொடங்கவில்லை என்றால், போடுகிறவருக்குக் காரணம் தெரியாமலே சட்டை கோணலாகப் படும். பட்டன் பட்டி, பாக்கெட், காலரின் இரு முனை இந்த மூன்றை மட்டும் பொருத்திவிடு. மற்றதை யாரும் பார்க்கப் போவதில்லை. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு நீ இரண்டேகால் மீட்டர் எடுக்கிறாய் என்றால், பட்டை அகலமான மீன்முள்ளுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் கூடக் கேள். பாக்கெட்டை அந்த மிச்சத்திலிருந்து எடு.

மஸ்ஜிட் இந்தியாவில் அழகான கூடை நெசவுத் துணி வாங்கித் தைத்தேன். மூன்றாவது துவைப்பில் காலர் பட்டன் போட முடியவில்லை. நான் தடித்துவிட்டேனா?
(கோம்பாக் வாசகர்)

உங்கள் கழுத்தைக் குறை சொல்லாதீர்கள். துணிதான் சுருங்கியிருக்கிறது. தளர்ந்த நெசவு தண்ணீரில் நன்றாகச் சுருங்கி இறுகும். ஆலையில் முன்கூட்டியே சுருக்கிவிட்ட துணி என்றால் தப்பலாம். இல்லையென்றால் உங்கள் குளியலறை வாளிதான் ஆலை.

கணக்குப் பாருங்கள். உங்கள் காலர் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். துணி நூற்றுக்கு நான்கு சுருங்கினால் 1.6 சென்டிமீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு கழுத்துக்கும் காலருக்கும் இடையே ஒரு விரல் போகாது. முழுக்கையில் 62 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டரை சென்டிமீட்டர் மேலேறி மணிக்கட்டு எலும்பு வெளியே வரும். காலருக்குள் ஒட்டும் ஃபியூசிங் சுருங்காமல் மேல்துணி மட்டும் சுருங்கினால் காலர் முழுக்கக் கொப்புளம் எழும்பும். அதை எந்த இஸ்திரியும் சரி செய்யாது.

அடுத்த முறை தைக்கக் கொடுப்பதற்கு முன், துணியில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு சதுரம் வரையுங்கள். முழுத் துணியையும் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 19.2 வந்தால் நூற்றுக்கு நான்கு. கவலை வேண்டாம், அதுதான் நல்ல செய்தி. சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி தைப்பதற்கு முன்பே சுருங்கிவிட்டது.

'இஸ்திரி தேவையில்லை' என்று எழுதிய சட்டைகள் உண்மையா?
(பூச்சோங் வாசகி)

உண்மை. விலையும் உண்டு, ரிங்கிட்டில் மட்டும் இல்லை. பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளைப் பிசின் போட்டுக் குறுக்கே பூட்டிவிடுகிறார்கள். ஈரம் பட்டாலும் பிடி தளராது, சுருக்கம் நிற்காது. ஆனால் பூட்டிய இழை வளைந்து கொடுக்காது. கிழியும் வலிமையும் தேய்மானம் தாங்கும் சக்தியும் கண்கூடாகக் குறையும். ஏற்கெனவே கிழிதலில் பின்தங்கிய பாப்ளினில் இதைச் செய்தால் காலரும் கைப்பட்டி விளிம்பும் சீக்கிரம் போகும். ஆகவே இந்த வகைதான் வேண்டும் என்றால் ட்வில் அல்லது மீன்முள் பார்த்து வாங்குங்கள். இழப்பதற்குக் கையில் கொஞ்சம் பலம் வைத்திருக்கும் துணி அது.

அரசு அலுவலகத்தில் வேலை. வாரத்துக்கு எத்தனை சட்டை, எந்தத் துணி?
(புத்ராஜெயா வாசகர்)

வியாழக்கிழமை பாத்தேக் என்பதால் உங்களுக்கு நான்கு சட்டை கணக்கு. மீன்முள் இரண்டு, பாப்ளின் ஒன்று, ஆக்ஸ்ஃபர்ட் ஒன்று. கூட்டமோ நேர்காணலோ இருக்கிற நாளில் பாப்ளின். கோட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும், டையின் கீழே தட்டையாக நிற்கும். காலர் விறைப்பில் அதை மற்ற இரண்டும் எட்ட முடியாது. ஆக்ஸ்ஃபர்ட் வெள்ளிக்கிழமைக்கு. டை கேட்காத துணி அது.

பாத்தேக்கைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கையால் மெழுகு வரைந்த பருத்திப் பாத்தேக் நெருக்கமான சாதா நெசவில்தான் இருக்கும். மெழுகுக் கோடு மெல்லியதாக ஓட வழவழப்பான தரை வேண்டும். கூடை நெசவில் வரைந்தால் கோடு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் கசிந்துவிடும். பாப்ளினைக் குறை சொல்லிக்கொண்டே வந்த எனக்கு, அதற்கென்று ஓர் இடம் இருப்பதைச் சொல்லிவிட ஆசை.

காணொளிக் கூட்டத்தில் என் சட்டை மட்டும் நெளிந்து நெளிந்து மின்னுகிறது. பேய் புகுந்துவிட்டதா?
(சைபர்ஜெயா வாசகர்)

மீன்முள் புகுந்திருக்கிறது. நுணுக்கமான இருநிற மீன்முள் வரிகளும் கேமராவின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதினால் இல்லாத அலை ஒன்று திரையில் ஓடும். வெள்ளையில் வெள்ளை நெய்த மீன்முள் என்றால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இல்லாவிட்டால் அன்றைக்குப் பாப்ளின் போடுங்கள்.

வருடக் கடைசி மழையில் ஆக்ஸ்ஃபர்ட் சட்டை காய்வதற்குள் இரண்டு நாள் ஆகிறது. வாடையும் வருகிறது.
(காப்பார் வாசகி)

தடித்த நூல் நிறையத் தண்ணீர் குடிக்கும். காலரும் கைப்பட்டியும்தான் கடைசியில் காயும், வாடை அங்கேதான் பிறக்கும். காலரைத் தூக்கிவிட்டு, பட்டன்களைத் திறந்து, அகலமான ஹேங்கரில் மின்விசிறிக்கு நேரே தொங்கவிடுங்கள். ஈரச் சட்டையை அழுக்குக் கூடைக்குள் ஒரு ராத்திரிகூட விடாதீர்கள். கரும்புள்ளி விழுந்தால் துணியோடுதான் போகும். அந்த இரண்டு மாதம் பாப்ளினும் மீன்முள்ளும் முன்வரிசைக்கு வரட்டும்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மீட்டர் மலிவாக மீன்முள் துணி பார்த்தேன். உண்மையான நெசவுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(தாமான் ஸ்ரீ அண்டாலாஸ் வாசகர்)

துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த மீன்முள் பின்பக்கத்திலும் மீன்முள்தான், சாய்வு மட்டும் எதிராக ஓடும். அச்சடித்தது என்றால் பின்பக்கம் மங்கலாக, மசமசவென்று இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் தொலைபேசிக் கேமராவைப் பெரிதாக்கித் துணி மேல் வைத்து, சாய்வு திரும்பும் கோட்டைத் தேடுங்கள். அங்கே நூல்கள் இடம் மாறி ஒரு மெல்லிய பள்ளம் ஓடும், நகத்தால் குறுக்கே வருடினால் லேசாகத் தட்டும். அச்சில் வண்ணம் மட்டும்தான் திரும்பும், நகத்துக்கு எதுவும் தெரியாது. நூல் நிறத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். முழு நீளமும் ஒரே நிறமாக இருந்தால் சாயமிட்ட நூலில் நெய்தது. இடைவிட்டு இடைவிட்டு வெளுத்திருந்தால் அச்சு. அந்த மலிவு விலைக்குப் பாப்ளின் கேளுங்கள், கொடுத்த காசுக்கு உண்மையான துணி கிடைக்கும்.